தங்கத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலை

கைப்பேசியில் தங்கம் வாங்கி விற்கும் இளைஞர்கள் உரும்பிராயிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு இது: "சார்ட்டில விலை என்ர ஸ்டாப் லாஸைத் தொடவேயில்லை. விடியப் பார்த்தால் வியாபாரம் மூடியிருக்கு. புரோக்கர் ஏமாத்திப் போட்டான்." நட்டம் இவ்வளவைத் தாண்டினால் வியாபாரத்தை மூடிவிடு என்று முன்கூட்டியே கொடுத்துவைக்கும் கட்டளைதான் ஸ்டாப் லாஸ். தொடாத விலையில் அது எப்படி இயங்கியது? தேத்தண்ணியைக் குடித்தபடி ஆறுதலாகப் பார்ப்போம்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்குப் போகிறோம். ஒரு பவுண் வாங்கக் கேட்டால் ஒரு விலை சொல்வார்கள். அதே பவுணை அங்கேயே திருப்பி விற்கக் கேட்டால், செய்கூலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், குறைந்த விலைதான் சொல்வார்கள். கைப்பேசித் திரையிலும் இதுவே நடக்கிறது. XAUUSD என்ற பெயருக்குப் பக்கத்தில் 2650.00, 2650.30 என்று இரண்டு எண்கள் இருப்பதாக வைப்போம். இவை ஒரு அவுன்ஸுக்கான, அதாவது நாலு பவுணுக்குச் சற்றுக் குறைவான 31.1 கிராமுக்கான, டொலர் விலைகள். சிறிய எண் பிட்: நாம் விற்றால் கிடைப்பது. பெரிய எண் ஆஸ்க்: நாம் வாங்கினால் கொடுப்பது. இடையிலுள்ள 30 சதம்தான் ஸ்பிரெட். வாங்கிய கணத்திலேயே விற்றால் அந்த 30 சதம் நமக்கு நட்டம்.

இனித்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். மெட்டாட்ரேடர் போன்ற செயலிகளில் சார்ட் வழக்கமாகப் பிட் விலையை மட்டுமே வரைகிறது. விலை இறங்கும் என்று எண்ணி முதலில் விற்றவர், பிறகு வாங்கித்தான் கணக்கை மூடவேண்டும். வாங்குவதென்றால் ஆஸ்க் விலை. ஆகவே அவருடைய ஸ்டாப் லாஸ் பார்த்துக்கொண்டிருப்பது, சார்ட்டில் இல்லாத அந்த மற்ற விலையை.

ஒருவர் மாலையில் 2650.00க்கு 10 அவுன்ஸ் விற்று, 2655.00இல் ஸ்டாப் லாஸ் வைத்துவிட்டுப் படுக்கிறார். விடியப்புறம் பிட் 2653.20 வரை ஏறுகிறது. மாலையில் இருந்த 30 சத ஸ்பிரெட் அப்படியே இருந்திருந்தால் ஆஸ்க் 2653.50 ஆகியிருக்கும், அவர் தப்பியிருப்பார். அந்த நேரத்தில் ஸ்பிரெட் 1.90 டொலராக விரிந்துவிட்டதால் ஆஸ்க் 2655.10. கணக்கு மூடப்படுகிறது, 51 டொலர் நட்டம். சார்ட்டைத் திறந்தால் உச்சம் 2653.20 என்றே காட்டும்.

விடியப்புறத்தில் ஏன் விரிகிறது? அதே நகைக்கடைக்காரரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டி, ஒரு காப்பை விற்கவேண்டும் என்று கேட்போம். வாங்கினால் அதை உடனே வேறொருவருக்குத் தள்ள முடியாது. காலையில் விலை என்னவாகும் என்றும் தெரியாது. அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆன்லைனில் விலை சொல்லும் வங்கிகளும் நிறுவனங்களும் நம்மிடம் வாங்கியதை உடனே வேறெங்காவது, பெரும்பாலும் நியூயோர்க் கொமெக்ஸ் முன்பேரச் சந்தையில், ஈடுகட்டிவிடப் பார்ப்பவர்கள். அந்தச் சந்தை நியூயோர்க் நேரம் மாலை 5 முதல் 6 மணி வரை நாள்தோறும் மூடியிருக்கும். நமக்கு அது விடியப்புறம் 2.30 முதல் 3.30 வரை, நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை 3.30 முதல் 4.30 வரை. பல புரோக்கர்களிடம் அப்போது வியாபாரமே நிற்கும். மூடுமுன் சில நிமிடங்களும் திறந்த பின் சிறிது நேரமும் விலை சொல்வோர் மிகக் குறைவு. தோக்கியோ நமது நேரம் 5.30க்குத் தொடங்கும்போது ஆட்கள் சேர்கிறார்கள். லண்டனும் நியூயோர்க்கும் ஒன்றாக இயங்கும் நமது பின்னேரத்தில் ஸ்பிரெட் பொதுவாக மிகக் குறுகலாக இருக்கும். அமெரிக்காவின் பணவீக்க அறிக்கை வெளியாகும் நிமிடம் மட்டும் விலக்கு. அப்போது ஆட்கள் இருந்தும், விலை எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாததால் ஒதுங்கிக்கொள்வார்கள்.

சார்ட் அமைப்பில் Show Ask line என்பதைத் தெரிவு செய்தால் இரண்டாவது விலையும் கோடாகத் தெரியும். ஆனால் அது இந்தக் கணத்தின் விலை மட்டுமே. கடந்த இரவில் நடந்ததை அறிய, கணினியில் மெட்டாட்ரேடர் 5இன் Symbols சாளரத்தில் Ticks பகுதியைத் திறந்து, அந்த நிமிடத்தின் பிட்டையும் ஆஸ்க்கையும் பாருங்கள். அதே கணத்தில் வேறு புரோக்கர்களிடமும் ஸ்பிரெட் விரிந்திருந்தால் அது சந்தையின் இயல்பு. உங்களுடையவரிடம் மட்டும் பல மடங்கு விரிந்திருந்தால் அந்தப் பதிவை எடுத்துவைத்து விளக்கம் கேளுங்கள். விற்ற வியாபாரத்தை இரவு தாண்டி வைத்திருப்பதென்றால், ஸ்டாப் லாஸை விடியப்புற ஸ்பிரெட்டையும் கூட்டிக் கணக்கிட்டு வையுங்கள். தூரம் கூடும் அளவுக்கு அவுன்ஸைக் குறையுங்கள். அது முடியாதென்றால் படுக்கப் போகுமுன் மூடிவிடுங்கள்.