45 விநாடிக் கல்யாணப் பத்திரிகை

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு போட்டோக்காரரிடமிருந்து முந்நூறு, நானூறு படங்கள் வந்துவிடுகின்றன. உறவினர்கள் கைபேசியில் எடுத்த துண்டு வீடியோக்கள் இன்னொரு பக்கம் குவிந்துகிடக்கின்றன. இவற்றைக் கோத்து, பாட்டுப் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ அழைப்பிதழை இன்றைக்குப் பல வீடுகளில் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் பார்த்து முடித்த பெரியப்பா, "சரிப்பா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று போன் போட்டுக் கேட்கிறார் என்றால், அந்த வீடியோ பத்திரிகையின் வேலையைச் செய்யவில்லை. வீடியோ அழைப்பிதழை நிதானமாகப் படிக்க முடிய வேண்டும். படமும் இசையும் அதற்குத் துணைதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். மதுரையில் கல்யாணம். சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு வரவேற்பு, மறுநாள் ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம். இரண்டும் ஒரே மண்டபத்தில். கையில் இருப்பவை நிச்சயதார்த்தப் படங்களும், மோதிரம் மாற்றும்போது எடுத்த ஒரு துண்டு வீடியோவும்.

முதலில் படங்களைக் கவனிக்க வேண்டும். கைபேசியை எல்லாரும் நிமிர்த்திப் பிடித்தே பார்ப்பதால் வீடியோவும் நெட்டுவாக்கில், 9:16 அளவில் இருக்க வேண்டும். அதாவது 1080 பிக்சல் அகலம், 1920 பிக்சல் உயரம். போட்டோக்காரரின் படங்களோ பெரும்பாலும் அகலவாக்கில் இருக்கும். கேமராவில் எடுத்த மூலப்படம் 6000-க்கு 4000 பிக்சல் என்றால், அதிலிருந்து நெட்டுவாக்கில் வெட்டினாலும் 2250-க்கு 4000 கிடைக்கும். தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதே படம் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணத் தரத்தில் வந்திருந்தால் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதை வெட்டினால் 600 பிக்சல் அகலம்தான் மிஞ்சும். அதை 1080-க்கு இழுக்கும்போது பட்டுச்சேலையின் ஜரிகை குழைந்து, முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரியும். ஆகவே மூலப்படங்களைப் பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் வெட்டும்போது வருகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே நிற்கும் படத்தை நெட்டுவாக்கில் வெட்டினால் இருவரில் ஒருவர் போய்விடுவார். இப்படிப்பட்ட படங்களை வெட்டாமல் முழு அகலத்துக்கு வையுங்கள். திரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் அது பிடிக்கும். மீதி இடத்தில் ஒரே நிறத்தில் பின்னணி வைத்து எழுத்தைப் போடலாம். முகத்தின் மேலோ, பூ வேலைப்பாட்டின் மேலோ எழுத்து ஓடாது என்பதால் படிப்பதற்கும் இதுவே வசதி.

இனி நேரக் கணக்கு. மொத்தம் 45 விநாடி போதும். பிள்ளையார் படத்தோடு 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்புக்கு 3 விநாடி. அழைக்கும் பெற்றோரின் பெயருக்கும் ஊருக்கும் 6. மோதிரம் மாற்றும் காட்சியோடு மணமக்கள் பெயர் 5. பிறகு எழுத்தே இல்லாமல் ஐந்து படங்கள், படத்துக்கு 2 விநாடி வீதம் 10. முகூர்த்தம் 8, வரவேற்பு 6, மண்டபமும் வழியும் 7. தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை மாமா என்று நீளும் பெயர்களை அச்சுப் பத்திரிகைக்கு விட்டுவிடுங்கள். ஐந்து விநாடியில் பதினைந்து பெயர்களை ஓடவிட்டால் யாருடைய பெயரும் யார் கண்ணிலும் நிற்காது.

முகூர்த்தத்துக்கு ஏன் 8 விநாடி? 'ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்பதையும் அதன் மேலே தேதியையும் வாய்விட்டு நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு விநாடி ஆகும். அதோடு 2 விநாடி சேர்த்ததுதான் இந்தக் கணக்கு. செய்தவருக்கு வாசகம் மனப்பாடம் என்பதால் 3 விநாடியே தாராளமாகத் தோன்றும். அதனால் முன்பே பார்த்திராத வயதான ஒருவரிடம் காட்டி, அவர் படித்து முடிக்கும்வரை எழுத்து நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. எழுத்து ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். வரவேற்பு முந்தின நாள் மாலை என்பதால் அங்கே கிழமையைப் பெரிதாகப் போடுங்கள். அதைக் கவனிக்காமல் ஞாயிறு மாலை வந்து நிற்பவர்கள் உண்டு.

தமிழ் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அச்சகத்தில் கொடுத்த வாசகத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் சில சமயம் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக்கிடக்கும். அது பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்ததாக இருக்கும்; யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்வதே நல்லது. சில செயலிகளில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். 'கொ', 'தே' வரும் பெயர்களை முதலில் அடித்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அப்படியானால் செயலியை மாற்றுங்கள், அல்லது வாசகத்தை வேறொரு செயலியில் படமாகச் செய்து கொண்டுவந்து வையுங்கள். திரையின் மேல்பக்கம் 250 பிக்சலும் கீழ்ப்பக்கம் 300 பிக்சலும் எழுத்தில்லாமல் விட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸில் வைக்கும்போது பெயர்ப்பட்டையும் பதில் எழுதும் பெட்டியும் அங்கேதான் வந்து மறைக்கும்.

கொட்டும் பூவிதழ், மினுக்கும் பொடி, வாணவேடிக்கை ஆகியவற்றை ஆசையாகச் சேர்க்கிறார்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. திரை முழுக்க ஓயாமல் அசையும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் சுருக்கியபின் படம் கட்டம் கட்டமாக உடையும், கூடவே எழுத்தின் ஓரமும் கலங்கும். பூமழை வேண்டுமென்றால் எழுத்தில்லாத அந்த 10 விநாடியில் மட்டும் பொழியட்டும். துண்டு வீடியோவை மெதுவாக ஓட்டுவதிலும் கவனம் வேண்டும். விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் எடுத்ததைப் பாதி வேகத்தில் ஓட்டலாம். 30 என்றால் தத்தித் தத்தித்தான் நகரும். அதை இயல்பான வேகத்திலேயே விடுங்கள்.

முடித்ததும் MP4 கோப்பாகச் சேமித்து, வீட்டிலுள்ள இன்னொருவர் கைபேசிக்கு HD தரத்தில் அனுப்பி, அங்கே இறங்கியதைப் பாருங்கள். ஒருமுறை ஒலியில்லாமலும் பாருங்கள். பலர் அப்படித்தான் பார்ப்பார்கள். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் உண்டா என்று நாட்காட்டியில் சரிபார்த்து, இரு வீட்டுப் பெரியவர்களிடமும் காட்டிப் பெயர்களுக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே ஊருக்கு அனுப்ப வேண்டும். பத்துப் பேர் மற்றவர்களுக்கு அனுப்பிய பிறகு நம் பக்கத்தில் அழித்தாலும் அவர்கள் அனுப்பிய பிரதிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

வீடியோவுக்குள் இருக்கும் முகவரியைத் தொட்டால் வரைபடம் திறக்காது. ஆகவே மண்டபத்தின் கூகுள் மேப் இணைப்பைக் கீழே தனியாக ஒட்டி, நாள், நேரம், இடம் மூன்றையும் எழுத்திலும் கொடுங்கள். பேரன் வந்து போட்டுக் காட்டும்வரை வீடியோவைத் திறக்காதவர்களுக்கும் சேதி போய்ச் சேரும். இன்னொன்றும் உண்டு. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் .apk கோப்பை அனுப்பிப் பணத்தைத் திருடும் மோசடி பற்றிக் காவல்துறை எச்சரித்திருக்கிறது. பெயரில்லாமல் வரும் அழைப்பைத் திறக்க இப்போது பலரும் தயங்குகிறார்கள். "மாமா, நான் இன்னார் மகன். தங்கச்சிக்குக் கல்யாணம். அத்தையையும் கூட்டிக்கிட்டு அவசியம் வரணும்" என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி அனுப்பினால் அந்தத் தயக்கம் இருக்காது. முறை சொல்லிக் கூப்பிட்ட மாதிரியும் ஆகும்.