எழுதப்பட்டதும் பதிவானதும் முரண்படும்போது

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஊரடங்கு நேரத்தில் கைப்பேசிக் கடையின் முன் ஆட்கள் கூடி நின்றனர். கலைந்து போகச் சொன்னபோது ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவலர்களைத் திட்டினர். தரையில் புரண்டதில் அவர்களுக்கு உட்காயம் ஏற்பட்டது என்பதே அதன் சாரம். மூன்று நாள் கழித்து, ஜூன் 22 இரவு பென்னிக்ஸும் மறுநாள் அதிகாலையில் ஜெயராஜும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தனர். பக்கத்துக் கடையின் கேமராப் பதிவு வெளியே வந்தபோது, அதில் கூட்டமும் இல்லை, புரளலும் இல்லை. ஜெயராஜ் தம் கால்களால் நடந்து செல்கிறார். மகன் பின்தொடர்கிறார்.

இவ்வழக்கின் விசாரணை மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நடைபெற்றது. சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் எங்களிடம் வருகிறவர்கள் இதைச் சொல்லியே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "வீடியோ இருக்கிறதே, இனி காகிதம் என்ன செய்யும்?" வீடியோ இருந்தால் மட்டும் போதாது என்பதே எங்கள் பதில்.

கேமரா எதைப் பார்த்திருக்க முடியும் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சாத்தான்குளம் அறிக்கையில் கூட்டம், இடம், தரையில் புரளுதல் ஆகிய மூன்றும் கடைவாசலில் நடந்ததாக எழுதப்பட்டிருந்தன. எனவே அவற்றைக் கடைவாசல் கேமரா பொய்யாக்கியது. காவல் நிலையத்துக்குள் நடந்ததைப் பற்றி அதே பதிவு ஒன்றும் சொல்லாது. திட்டினார்களா என்பதையும் ஒலியில்லாத பதிவு சொல்லாது. ஆகவே அறிக்கையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இது கேமராவின் பார்வைக்குள் வருமா' என்று குறித்துக்கொள்கிறோம். வராதவற்றுக்குக் காயச் சான்றும் சாட்சிகளும் தேவை. இப்படிப் பிரிக்காமல் 'அறிக்கை முழுவதும் பொய்' என்று வாதிட்டால், ஒரு வாக்கியம் உண்மையாகிவிட்டாலே நம் வாதம் முழுவதும் ஆட்டம் காணும்.

அடுத்தது கடிகாரம். எங்கள் அனுபவத்தில் வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கடைகளில் இருக்கும் டிவிஆர் பெட்டியின் நேரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்தவுடன் தேதியே ஏதோ பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். மேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லெறி வழக்கு என்று வைத்துக்கொள்வோம். இரவு 8.40-க்குப் பேருந்து நிறுத்தத்தில் நம் இளைஞர் கல்லெறிந்ததாக முதல் தகவல் அறிக்கை சொல்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேநீர்க் கடையின் பதிவில் அவர் 8.41-க்கு நிற்கிறார். வழக்கு முடிந்தது என்று மகிழத் தோன்றும். அந்தப் பெட்டி 17 நிமிடம் முந்தி ஓடுகிறது என்று தெரியவந்தால், அவர் உண்மையில் அங்கே நின்றது 8.24-க்கு. எஞ்சிய 16 நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் நிறுத்தத்துக்குப் போய்விடலாம். இதை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கண்டுபிடித்தால், நம் சாட்சி முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதனால் கடைக்குப் போன முதல் ஐந்து நிமிடத்திலேயே, பெட்டியின் திரையில் ஓடும் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறுபாட்டைத் தாளில் எழுதி, கடைக்காரரிடமும் இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சம்பவத்துக்கும் நாம் போன நாளுக்கும் இடையே மின்தடை இருந்திருந்தால் இன்றைய வேறுபாடு அன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது, நேரம் வெளியிலிருந்து தெரிந்த ஒன்றை அதே பதிவில் தேடுகிறோம்: பயணச்சீட்டில் நேரம் அச்சான பேருந்து, 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றது, ஊருக்கே விளக்கணைந்த தருணம். உண்மையான நேரத்தை அதிலிருந்து கணக்கிடலாம்.

இதற்கெல்லாம் பதிவு முதலில் இருக்க வேண்டும். சிறு கடைகளின் பெட்டி நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதும். நான்கு கேமராவும் ஒரு டிபி வன்தட்டும் இருந்தால் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. எனவே கடைக்காரருக்கும் விசாரணை அதிகாரிக்கும் அன்றே பதிவஞ்சலில் கடிதம் அனுப்பிவிட்டு, பெட்டியை நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவிடக் கோரி, பிஎன்எஸ்எஸ் 94ஆம் பிரிவின்கீழ் மனு போடுகிறோம். படியெடுக்கும்போது கோப்பாகவே எடுத்து, அதன் ஹேஷ் மதிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் மாறிவிடும் எண் அது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, அந்த எண்ணும் மாறும். திரையைக் கைப்பேசியால் படமெடுப்பது செய்திக்கு உதவும், நீதிமன்றத்தில் தள்ளாடும்.

படியைச் சான்றாக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவதில் தாக்கல் செய்பவரும் இரண்டாவதில் வல்லுநரும் கையெழுத்திட வேண்டும். பழைய சட்டத்தின் 65பி பிரிவின்கீழ் இது கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதி செய்தது. மூலப்பெட்டியையே கொண்டுவந்து உரிமையாளர் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும், உரியவர் தர மறுத்தால் நீதிமன்றத்தின் வழியாகக் கேட்டுப் பெறலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. நம்மூர்க் கடைக்காரர்கள் ஆதிக்க சாதியினருக்கு அஞ்சிக் கையெழுத்திடத் தயங்கும்போது இந்த இரண்டாவது வழியே கைகொடுக்கிறது.

காவல் நிலையப் பதிவு இல்லையென்றால்? சாத்தான்குளத்தில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சென்று பார்த்தபோது ஒரு டிபி வன்தட்டு இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாக அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன. ஜூன் 19 முதலான காட்சிகள் இல்லை. இடம் போதாமல் அழிந்தது என்ற விளக்கத்துக்கு வழியே இல்லை. பின்னர் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையக் கேமராக்களின் பதிவுகளை 18 மாதம் வரை, குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும் கருவிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே இப்போது 'பதிவு இல்லை' என்ற பதில் வந்தால், எந்தப் பெட்டி, எப்போது பழுதானது, யாருக்கு எழுதித் தெரிவித்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கிறோம். இருந்திருக்க வேண்டிய பதிவைக் காட்டாதவருக்கு எதிராக அனுமானிக்கலாம் என்பதை டொமாசோ புருனோ வழக்கில் 2015இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது.

மனிதர் தம் வாயாலேயே கேமராவை மறுக்கும் நிலைமையும் வரும். 2015 ஜூன் 23 அன்று காணாமற்போய், மறுநாள் இரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்த கோகுல்ராஜ் வழக்கில் தற்கொலைக் கடிதம் ஒன்றும் காட்டப்பட்டது. திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் கேமராப் பதிவு வேறு கதையைச் சொன்னது. உடன் சென்ற தோழி நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். உயர் நீதிமன்றம் அழைத்துக் காட்சியைக் காட்டியபோதும் அதில் இருப்பது தாமில்லை என்றார். நீதிபதிகள் கோயிலுக்கே சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தனர். மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் விதித்த தண்டனையைப் பெரும்பாலும் 2023 ஜூன் 2 அன்று உறுதி செய்தனர். தாமாகவே முன்வந்து அவர்மீது அவமதிப்பு நடவடிக்கையும் தொடங்கினர்.

அந்தப் பெண் எத்தகைய நெருக்கடியில் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. சாட்சி பிறழலாம் என்று முன்கூட்டியே எண்ணி, காட்சியிலிருப்பவரை அடையாளம் காட்ட உறவினர், ஆசிரியர், நண்பர் என மூன்று பேரையாவது பட்டியலில் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கோருகிறோம். அன்று உடுத்திய ஆடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்கிறோம்.