சுருக்கத்தைத் திருப்பி எழுதினால் குறிப்புரை ஆகுமா?

ஆய்வு மாணவர்கள் தயாரிக்கும் குறிப்புரை நூற்பட்டியலில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ஒரு பத்தி இருக்கும், ஏறக்குறைய 150 சொற்களில். அதைப் பலர் கட்டுரையின் தலையில் அச்சாகியிருக்கும் ஆய்வுச்சுருக்கத்தைப் பார்த்தே எழுதிவிடுகிறார்கள்.

ம்யூலரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான குறிப்புரை இப்படிப் போகும்: ‘மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள், கையால் எழுதியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் பின்தங்கியதை மூன்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டதை அப்படியே தட்டச்சு செய்வதே காரணம்.’ தவறு ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரையைத் திறக்காதவரும் இதை எழுதிவிடலாம். சொற்களை மாற்றினாலும் வரிசையும் அழுத்தமும் ஆசிரியர்களுடையவையே. (கேட்டதை அப்படியே எழுதுவதைப் பற்றிய கட்டுரைக்கே இந்தக் கதி!)

சுருக்கத்தை மூடிவைத்துவிட்டு, ஆய்வு நடந்த விதத்தைச் சொல்லும் பகுதிக்குப் போக வேண்டும். முதல் ஆய்வில் பிரின்ஸ்டன் மாணவர்கள் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான டெட் உரை ஒன்றைப் பார்த்தார்கள்; அரை மணி நேரம் கழித்துத் தேர்வு. மடிக்கணினிகளில் இணைய இணைப்பு இல்லை. தகவல் கேள்விகளில் இரு தரப்புக்கும் வித்தியாசமும் இல்லை. அடுத்து, கட்டுரை வெளியான பிறகு என்ன நடந்தது என்று தேட வேண்டும். 2019இல் மோர்ஹெட் குழுவும் 2021இல் யுரி குழுவும் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, கையெழுத்துக்குத் தெளிவான மேன்மை கிடைக்கவில்லை. 2014இன் சுருக்கத்தில் இது எப்படி இருக்கும்?

இனி நம் ஆய்வுக்கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். கேள்வி, வகுப்பறையில் மடிக்கணினியைத் தடை செய்யலாமா என்பது என்றால்:

‘தடைக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் கட்டுரை. இணையமில்லாத கணினியில் குறுகிய உரைகளை வைத்துச் சோதித்ததால், வகுப்பில் நிகழும் கவனச்சிதறலைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. தட்டச்சு செய்பவர்கள் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார்கள் என்ற பகுதி மறுசோதனையிலும் நின்றது. அதனால் மதிப்பெண் குறைகிறது என்ற பகுதி நிற்கவில்லை. முதற்பகுதியை மட்டும் பயன்படுத்துவேன். தடைக்குச் சான்றாகக் காட்டமாட்டேன்.’

கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். கட்டுரையை என்ன செய்யப்போகிறோம் என்ற முடிவு அதில் இருக்கிறது. ‘பயனுள்ள கட்டுரை’, ‘விரிவான ஆய்வு’ போன்ற பாராட்டுகளை மதிப்பீடாக எண்ணுபவர்கள் உண்டு. எந்தக் கட்டுரைக்கும் அவை பொருந்திவிடும்.

கேள்வி மாறினால் குறிப்புரையும் மாறும். குறிப்பெடுக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி ஆராய்பவருக்கு இரண்டாவது ஆய்வே மையம்: அப்படியே எழுதாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும், மடிக்கணினிக்காரர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.