மோசேயைத் தேடி வந்த மாமனார்

குமரி மாவட்டத்துச் சபைகளில் திருமண வெள்ளிவிழா ஸ்தோத்திர ஆராதனை என்றால், எபேசியர் ஐந்தாம் அதிகாரம் அல்லது நீதிமொழிகள் 31 என்பது பழகிப்போன தேர்வு. கணவர் வளைகுடாவிலேயே காலம் தள்ளிய தம்பதிக்கு இரண்டுமே ஒட்டாது என்பேன். நீதிமொழிகளின் குணசாலியான பெண் இருட்டோடு எழுந்து வீட்டுக்கே படியளப்பவள். ஒற்றை ஆளாக வீட்டைச் சுமந்து அலுத்தவளுக்கு அவளை எடுத்துக்காட்டினால், ‘இன்னும் சும’ என்றுதான் காதில் விழும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு என்றால், 24 ஆண்டில் 12 விடுப்பு. சேர்ந்து வாழ்ந்தது மொத்தம் இரண்டே ஆண்டு. அப்பா கூடத்தில் இருக்க, பிள்ளைகள் அனுமதி கேட்க அடுக்களைக்குப் போவார்கள். கேஸ் புக் எங்கே என்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் வாரம் பாஸ்புக்கைப் புரட்டி, ‘மாடி கட்ட இவ்வளவா ஆச்சு?’ என்பார். சண்டை அங்கே பிடிக்கும்.

இவர்களுக்கு யாத்திராகமம் 18 பொருந்தும். மோசே தன் மனைவி சிப்போராளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மாமனார் எத்திரோ, மகளையும் இரண்டு பேரன்களையும் வனாந்தரத்துக்கே கூட்டிவருகிறார். மோசே எதிர்கொண்டுபோய் மாமனாரை வணங்கி, முத்தமிட்டு, நலம் விசாரிக்கிறார். மனைவியிடம் என்ன பேசினார் என்று ஒரு வரிகூட இல்லை. மறுநாளே காலைமுதல் மாலைவரை மக்களின் வழக்குகளோடு உட்கார்ந்துவிடுகிறார்.

எத்திரோ மருமகனுக்கு அன்பைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. நாள் முழுக்க மோசே செய்யும் வேலையைக் கவனிக்கிறார். ‘இப்படியே போனால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனமும் சோர்ந்துபோகும்’ என்ற பொருளில் எச்சரிக்கிறார். பிறகு ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார். தேவ ஊழியமே ஆனாலும் அளவு வேண்டும் என்று துணிந்து சொன்ன மாமனார்! நம் ஊரில் மருமகனிடம் இப்படிப் பேச எத்தனை பேருக்கு வாய் வரும்?

மிச்சமான நேரத்தை மோசே மனைவிக்குக் கொடுத்தார் என்று மட்டும் பிரசங்கி சேர்த்துவிடக் கூடாது. அப்படி வேதத்தில் இல்லை. அந்த மௌனத்தை அப்படியே வாசித்துவிட்டு நிறுத்தினால் போதும். சம்பந்தப்பட்ட இருவருக்கும் புரியும். மேடையிலிருந்து அவர்கள் பெயரைச் சொல்லவும் வேண்டாம், கணவரின் ‘தியாகத்தை’ மட்டும் புகழவும் வேண்டாம்.

அதன்பின் 1 கொரிந்தியர் 7:5-க்கு வரலாம். ஜெபத்துக்காகத் தம்பதி விலகியிருப்பதற்கே பவுல் இரண்டு நிபந்தனை வைக்கிறார்: இருவரின் சம்மதம், குறிப்பிட்ட காலம். சம்பளத்துக்காகப் பிரிவதற்கு அவை இன்னும் கறாராகப் பொருந்தும்.

ஆனால் ஆராதனைக்கு முன்பே போதகர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசியிருக்க வேண்டும். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, மகள் படிப்பு எப்போது முடிகிறது, விசா எந்த மாதம் வரை என்று தெரிந்தால்தான் ‘குறிப்பிட்ட காலம்’ காலண்டரில் ஒரு தேதியாகும். அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியை இருவரும் சேர்ந்து குறிக்க வேண்டும்.