படிக்க முடியாத எட்டு செக்டர்கள்

ஹார்ட் டிஸ்க் தன் நிலையைத் தானே கவனித்துக் குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை படிப்பதில் தடுமாறியது, எத்தனை இடங்களைப் பழுதென்று ஒதுக்கியது என்பதையெல்லாம் டிஸ்க்கே எண்ணிவைக்கிறது. லினக்ஸ் சர்வர்களில் `smartd` என்ற நிரல் இந்தக் கணக்கை அவ்வப்போது பார்த்து, ஏதாவது மாறினால் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பும். அப்படி வரும் எச்சரிக்கைகளில் மிகவும் பழக்கமான ஒன்று இது:

```
Device: /dev/sdb [SAT], 8 Currently unreadable (pending) sectors
```

எட்டு செக்டர்களைப் படிக்க முடியவில்லை என்கிறது டிஸ்க். இன்றைய டிஸ்குகள் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட துண்டுகளாகத் தரவை எழுதுகின்றன; கணக்கை மட்டும் பழைய வழக்கப்படி 512 பைட் அளவில் சொல்கின்றன. ஒரே ஒரு துண்டு கெட்டாலும் எண் எட்டு என்று வருவது அதனால்தான்.

கிடங்கு, கடை, கணக்குப் பிரிவு எல்லாம் நம்பியிருக்கும் ஒரு சிறு அலுவலக சர்வருக்கு இந்த மடல் வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் 4 டெராபைட் டிஸ்குகள் இரண்டு, ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் ‘மிரர்’ அமைப்பில் இருக்கின்றன. நிர்வாகி முதலில் `smartctl -H /dev/sdb` என்று கேட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் `PASSED` என்றே பதில் வரும். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். அந்தப் பதிலை ஒதுக்கிவைத்து, `smartctl -A` காட்டும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் தேவையான வரிகள் மட்டும் இங்கே:

```
ID# ATTRIBUTE_NAME         VALUE WORST THRESH RAW_VALUE
  5 Reallocated_Sector_Ct    100   100    010 0
197 Current_Pending_Sector   100   100    000 8
199 UDMA_CRC_Error_Count     200   200    000 0
```

டிஸ்க் தயாரிப்பாளர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எல்லை வைத்திருப்பார். அது `THRESH` என்ற பத்தியில் இருக்கிறது. `VALUE` அந்த எல்லை வரை இறங்கினால்தான் டிஸ்க் தன்னைப் பழுதென்று ஒப்புக்கொள்ளும். 197-ஆம் வரிக்கு எல்லை சுழியம். அதாவது, படிக்க முடியாத செக்டர்கள் எத்தனை சேர்ந்தாலும் இந்த வரியால் `PASSED` மாறப்போவதில்லை. கடைசிப் பத்தியில் உள்ள `RAW_VALUE`தான் உண்மையான எண்ணிக்கை. பார்க்க வேண்டியது அதைத்தான்.

அந்த எட்டு ஏன் “காத்திருக்கும்” செக்டர்கள் என்று சொல்லப்படுகின்றன? டிஸ்கில் உபரி இடம் உண்டு. கெட்ட செக்டருக்குப் பதிலாக அங்கிருந்து ஒன்றைக் கொடுத்துவிடும். ஆனால் படிக்கவே முடியாத செக்டரில் என்ன இருந்தது என்பது டிஸ்க்குக்குத் தெரியாது. தெரியாததை வேறிடத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும் வரை டிஸ்க் காத்திருக்கிறது. எழுதும்போது அந்த இடம் நன்றாக ஏற்றுக்கொண்டால் எண் குறையும்; ஏற்காவிட்டால் உபரி இடம் ஒதுக்கப்பட்டு, 5-ஆம் வரியின் எண் கூடும். திடீரென மின்சாரம் போய், பாதியில் நின்ற எழுத்தாலும் இப்படி ஒரு செக்டர் படிக்க முடியாமல் போகலாம். அது ஒருமுறை நேர்ந்த விபத்து. காந்தப் பரப்போ படிக்கும் தலையோ கெட்டுக்கொண்டிருந்தால் அது வேறு கதை.

199-ஆம் வரி இந்த இரண்டிலும் சேராது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் தரவு வழியில் சிதைவதை அது எண்ணுகிறது. அது மட்டும் கூடினால் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியேதான் நிற்கும். மேலும் கூடாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

எட்டு என்பது பெரிய எண்ணா? 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். காத்திருக்கும் செக்டர் முதல்முறை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, அப்படி ஒன்றும் தோன்றாத டிஸ்கைவிடச் சுமார் 16 மடங்கு. ஆகவே முதல் எண்ணே பொருட்படுத்த வேண்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: செயலிழந்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் அறிகுறிகள் எதையும் காட்டாமலே போயின. எச்சரிக்கை வராததை நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேக்கப் இல்லாமல் ஸ்மார்ட்டை மட்டும் நம்பியிருப்பது தவறு.

அவசரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: எண் வளர்கிறதா, அதே தரவு வேறெங்கே இருக்கிறது. காலையில் 8, மாலையில் 40, மறுநாள் 200 என்று ஏறினால் அன்றே வேலையை முடிக்க வேண்டும். ஒரு வாரம் எட்டிலேயே நின்றால் புது டிஸ்க் வரும்வரை பொறுக்கலாம். ஆனால் இந்தப் பொறுமை வேறொரு நல்ல நகல் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஒரே டிஸ்க், பேக்கப் கிடையாது என்ற நிலையில் எட்டும் ஒன்றுதான், எண்ணூறும் ஒன்றுதான். உடனே நகலெடுக்க வேண்டும். அந்த நிலையில் நீண்ட சோதனையை ஓடவிட்டுப் பார்ப்பது வீண் ஆபத்து. தடுமாறும் டிஸ்க் இன்னும் படிக்கக்கூடிய மணி நேரங்களைச் சோதனைக்குச் செலவிடக் கூடாது. கணக்குப் புத்தகம், டேட்டாபேஸ் போன்ற மீண்டும் கிடைக்காதவை முதலில்; பிறகு முழு டிஸ்க். சாதாரண நகலெடுக்கும் கட்டளை கெட்ட இடத்தில் முட்டி நின்றுவிடும். `ddrescue` அந்த இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும்.

நமது அலுவலக சர்வரில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நகலாக இரண்டாவது டிஸ்க் இருக்கிறது. ஆனாலும் அந்த டிஸ்க் முழுதும் படிக்கக்கூடியதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழுதான டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டால், மிச்சமிருக்கும் ஒன்றைத் தொடக்கம் முதல் கடைசி வரை படித்தாக வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டைப் படிக்க ஏழரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் வேறு துணை இல்லை. நடுவில் அதிலும் ஒரு செக்டர் படிக்காமல் போனால் அந்த இடத்துத் தரவு போனதுதான்.

எனவே முதலில் பேக்கப்பைப் புதுப்பித்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். பிறகு, இடம் இருந்தால், பழையதைக் கழற்றாமலே புதியதைச் சேர்த்து மாற்றச் சொல்லலாம்:

```
mdadm /dev/md0 --add /dev/sdc1
mdadm /dev/md0 --replace /dev/sdb1 --with /dev/sdc1
```

இப்படிச் செய்தால் ஒரு டிஸ்கில் படிக்க முடியாத இடங்களுக்கு மற்ற டிஸ்கின் உதவி தேடப்படும். மாற்றம் முடியும்வரை இரண்டு நகல்களும் உயிரோடு இருக்கும்.

கழற்றிய டிஸ்கை முழுதும் சுழியங்களால் அழித்தால் காத்திருக்கும் எண் சுழியத்துக்கே இறங்கிவிடலாம். ஏனென்றால் எல்லா இடத்திலும் எழுதியாகிவிட்டது. அந்தச் சுழியத்தைப் பார்த்து மறுபடி சர்வரில் பொருத்தக் கூடாது. 5-ஆம் வரி கூடியிருந்தால் பரப்பு கெட்டது உறுதி. கூடாவிட்டாலும், ஏன் படிக்காமல் போனது என்ற காரணம் தெரியாத டிஸ்க் அது. உத்தரவாதக் காலம் இருந்தால் தயாரிப்பாளரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்; இல்லையென்றால் வேறெங்கும் நகல் உள்ள கோப்புகளை வைக்க மட்டும் பயன்படுத்தலாம்.