ஒரு நிமிட வீடியோவில் ஒரு வீடு

கொடைக்கானலில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு ஹோம்ஸ்டே என்று வைத்துக்கொள்வோம். விளம்பர வீடியோவுக்கு வசனம் எழுத உட்கார்ந்தால், பலரும் பனியை வர்ணித்தே நேரத்தைக் கரைத்துவிடுவார்கள். பார்ப்பவருக்குத் தேவை வேறு: கட்டில் எத்தனை, வெந்நீர் எப்போது வரும், கார் வாசல்வரை போகுமா?

ஆகவே கேமரா வாசலில் தொடங்கி, அறைக்குள் நுழைந்து, குளியலறைக் கதவையும் திறந்து காட்டட்டும். “மேல் அறைக்குப் பதினைந்து படி ஏற வேண்டும்” என்று சொல்லிவிட்டால், மூட்டுவலி உள்ளவர்கள் கீழ் அறையைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

சண்டை வருவது வாடகையில்தான். “2,500 ரூபாய்” என்று மட்டும் சொன்னால் நான்கு பேர் வந்து நிற்பார்கள். “ஓர் இரவுக்கு இருவருக்கு 2,500, காலை டிபன் உட்பட, கூடுதல் ஆளுக்கு 600, மே மாதம் அறைக்கு 3,200” என்றால், மே மாதத்தில் மூவருக்கு 3,800 என்று அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

வீட்டு விதியைக் காரணத்தோடு சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்: “பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் பாட்டு வேண்டாம்.”

கடைசியாக முன்பதிவு. தேதியையும் ஆள் கணக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அறை காலி என்று நீங்கள் உறுதிசெய்த பிறகே முன்பணம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் கொடைக்கானல் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதை நினைவூட்டும் ஒரு வரியும் வசனத்தில் இருக்கட்டும்.