ஆரஞ்சு லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் குழந்தையின் கார் சீட்டையும் கையோடு கொண்டுவருவதுண்டு. பிள்ளை வளர்ந்ததும் அது விற்பனைக்கு வரும். விற்பவர் அனுப்பும் படங்களில் சீட்டின் துணி பளிச்சென்று இருக்கும். ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டிய படம் வேறு: சீட்டின் பின்பக்கமோ அடிப்பக்கமோ பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிள்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மேலே `ECE R44/04` என்றிருக்கிறது. அது ஐ.நா.வின் ஐரோப்பிய விதி, நான்காவது திருத்தம். அடுத்து `UNIVERSAL`, அதன் கீழே `9-18 kg`, பக்கத்தில் `Y`. வட்டத்துக்குள் `E4`, கடைசியில் 04 என்று தொடங்கும் நீண்ட எண்.

`E4` என்றால் நெதர்லாந்து ஒப்புதல் கொடுத்தது என்று பொருள். சீட் அங்கேதான் தயாரானது என்று நினைத்துவிடக் கூடாது. சீனத் தயாரிப்பிலும் இதே வட்டம் இருக்கலாம். நீண்ட எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் எந்தத் திருத்தத்தின்படி சோதித்தார்கள் என்பதைக் காட்டும். 01, 02 என்று தொடங்கினால் வாங்கவே வேண்டாம். அத்தகைய சீட்டுகளைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே தடை விதித்துவிட்டது. மாடல் பெயர் அழிந்துபோயிருந்தால் இந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரே வகை சீட் எல்லாவற்றுக்கும் எண் ஒன்றுதான் என்பதால், பல சமயம் பெயர் கிடைத்துவிடும்.

`Y` என்பது கால்களுக்கு நடுவே வரும் பட்டை உண்டு என்பதற்கான குறி.

எடைதான் பலர் இடறும் இடம். பத்து மாதக் குழந்தை 8.6 கிலோ என்றால், இந்த சீட் இப்போதைக்கு அதற்கு ஆகாது. 'இன்னும் 400 கிராம்தானே' என்று உட்காரவைப்பது தவறு. 9 கிலோவைத் தொட்டாலும் அவசரம் வேண்டாம்; இந்த ரகத்தில் பெரும்பாலானவை முன்னோக்கிப் பொருத்துபவை, அந்த வயதில் பின்னோக்கி உட்கார்வதே கழுத்துக்குப் பாதுகாப்பு. `9-36 kg` என்று அகலமாகப் போட்டிருந்தால் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும்: சீட்டோடு வரும் பட்டை பெரும்பாலும் 18 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் காரின் பெல்ட்டையே போட வேண்டும்.

புதிய லேபிள்களில் `R129` என்றிருக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது சென்டிமீட்டரில் உள்ள உயரம். கிலோ கணக்கு மேல்வரம்பாக மட்டும் வரும். இந்தியாவின் தரநிலை `AIS-072`.

வெறும் `CE` குறியைக் காட்டி 'ஒப்புதல் பெற்றது' என்று சொல்பவர்களும் உண்டு. கார் சீட்டுக்கு அது ஒப்புதலே அல்ல. லேபிளை மட்டும் நெருக்கமாக எடுத்த படமும் போதாது, அது வேறு சீட்டினுடையதாக இருக்கலாம். லேபிளும் சீட்டும் ஒரே படத்தில் தெரியும்படி இன்னொன்று கேட்டு வாங்குவது நல்லது. அந்த சீட் விபத்தில் சிக்கியதா என்பதை எந்த லேபிளும் சொல்லாது. அதை விற்பவரிடம் நேராகவே கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு சீட் பார்க்கலாம்.